மச்சானின் 25 லட்சமும் சட்டத்தரணிக்கு எழுதிய ஒரு பக்கமும்

2025 நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை காலை, வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு சட்டத்தரணிக்கு வட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினேன்: "வணக்கம் மெடம். மூன்று பேர் சேர்ந்து அச்சகம் நடத்துகிறோம். பார்ட்னர்ஷிப் டீட் ஒன்று எழுத வேண்டும். எவ்வளவு முடியும்?" கூடவே, வீட்டு அலுமாரியில் இருந்த பேப்பர்களை எல்லாம் போனில் படம் பிடித்து ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவிட்டேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். சில தலைகீழாக இருந்தன. ஒன்றில் என் பெருவிரல் பாதித் தொகையை மறைத்திருந்தது.

மத்தியானம் பதில் வந்தது. "மூவரின் முழுப் பெயரையும் முகவரியையும் முதலில் அனுப்புங்கள். உங்களில் யாருக்காவது எதிராக நான் ஏற்கனவே ஏதாவது வழக்கில் நிற்கிறேனா என்று பார்க்க வேண்டும். அது சரியென்றால், விஷயத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். யார், எவ்வளவு, எப்போது, எந்தப் பேப்பர் கையில் இருக்கிறது. படங்களை நான் திறக்கவில்லை."

எனக்குச் சற்றுக் கோபம்தான். எழுதுவதற்குத்தானே இவரிடம் போகிறோம், நாமே எழுதுவதென்றால் இவர் எதற்கு என்று மனைவியிடம் புறுபுறுத்தேன். அந்த ஒரு பக்கத்தை எழுதி முடிக்க எனக்குப் பதினொரு நாள் பிடித்தது.

முதலில் எங்கள் கதை. நான் 14 வருடம் ஒரு பொதியிடல் கம்பனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். கேக் பெட்டி, மிளகாய்த்தூள் பக்கற்றுக்கு ஒட்டும் லேபல், இனிப்புக் கடைப் பெட்டி இவை யாருக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் சிறிய அச்சகம் வைத்திருந்த ஒரு அண்ணனிடம் ஓஃப்செட் மெசின் இருந்தது. 2022இல் கடதாசித் தட்டுப்பாடு வந்து, மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சையையே தள்ளிவைத்தார்களே, அந்தக் காலத்தில் அவருடைய வேலை படுத்துவிட்டது. அதற்குப் பிறகு அது பழையபடி எழும்பவில்லை. மூன்றாவது ஆள் என் மச்சான், மனைவியின் தமையன். புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் காசு இருந்தது, எங்கள்மேல் நம்பிக்கையும் இருந்தது. 2024 ஜனவரியில் தொடங்கினோம். ஒன்றரை வருடம் ஒரு வரி எழுத்தில்லாமல் ஓடியது. வங்கியில் ஓவர்டிராஃப்ட் கேட்கப் போனபோதுதான், "பங்குடைமை ஒப்பந்தம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைப் பெருமையோடு எடுத்து நீட்டினேன். "இது பெயரைப் பதிந்த பேப்பர். உங்கள் மூன்று பேருக்குள் என்ன பேச்சு என்று இதில் எங்கே இருக்கிறது?" என்றார் அந்த அதிகாரி. இருக்க வழியில்லை. அதில் இருந்தது என் பெயர் மட்டும்தான்.

சரி, அந்த ஒரு பக்கத்துக்கு வருகிறேன். என் முதல் வரைவில் ஒரு வசனம் இப்படி இருந்தது: "மச்சான் 25 லட்சம் போட்டார்." மனைவி அதை வாசித்துவிட்டு, "அண்ணா போட்டவரா, தந்தவரா?" என்று கேட்டாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவளுக்கு அப்படி இல்லை. போட்டால் கடையோடு போச்சு, தந்தால் திருப்பித் தர வேண்டும். மச்சானிடம் போன் எடுத்துக் கேட்டால் அவர், "என்னடா கதைக்கிறாய், உனக்குத் தந்த காசுதானே, லாபத்தில என்ர பங்கைத் தந்தால் சரி" என்றார். அந்த ஒரு வாயில் கடனும் இருந்தது, முதலும் இருந்தது.

வங்கிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். 25 லட்சம் ஒரே தடவையில் வரவில்லை. முதல் 10 லட்சம் வந்த வரியில் அவர் போனில் தட்டியிருந்த குறிப்பு: `Loan for press`. இரண்டாவது 10 லட்சத்துக்குக் குறிப்பே இல்லை. மிச்ச 5 லட்சம் என் கணக்குக்கு வரவே இல்லை. அவர் கட்டட உரிமையாளரிடம் நேரே காசாகக் கொடுத்த முற்பணம் அது. ஆனால் பற்றுச்சீட்டு என் பெயரில். ஆக 25 லட்சம் என்று நாங்கள் வாயால் சொல்லிக்கொண்டிருந்த தொகை, பேப்பரில் 10 லட்சம் கடனாகவும், 10 லட்சம் ஊமையாகவும், 5 லட்சம் நான் கட்டியதாகவும் கிடந்தது.

இதற்குப் பிறகுதான் எழுதும் முறையை மாற்றினேன். பக்கத்தை மூன்றாகப் பிரித்தேன். மேலே நடந்ததும் அதற்குப் பேப்பர் இருப்பதும். நடுவில் மூவரும் பேசி ஒத்துக்கொண்டது, ஆனால் பேப்பர் இல்லாதது. கீழே இதுவரை பேசாதது. கடைசியாக அனுப்பியதில் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன். யாருக்காவது உதவும்.

"நடந்தது: 2024 ஜனவரி முதல் கொட்டாஞ்சேனையில் வாடகை இடத்தில் பெட்டி, லேபல் அச்சிடுகிறோம். வியாபாரப் பெயர்ப் பதிவு என் பெயரில் (ஆவணம் 1). வங்கிக் கணக்கு என் பெயரில் (ஆவணம் 2). இடத்து ஒப்பந்தம் 2 வருடத்துக்கு, என் பெயரில், நொத்தாரிசு இல்லாமல் கையெழுத்திட்டது (ஆவணம் 3). நான் 10 லட்சம் போட்டேன் (ஆவணம் 2, மஞ்சள் நிறமிட்ட வரி). மச்சான் 20 லட்சம் மாற்றினார், முதல் 10 லட்சத்தில் கடன் என்று குறிப்பு உள்ளது (ஆவணம் 2, பச்சை நிறமிட்ட இரண்டு வரிகள்). 5 லட்சம் முற்பணம் அவர் கொடுத்தது, பற்றுச்சீட்டு என் பெயரில் (ஆவணம் 4). அண்ணனின் மெசின் லீசிங்கில் உள்ளது, 60 தவணையில் 18 மிச்சம் (ஆவணம் 5).

பேசியது, எழுதாதது: லாபம் மூவருக்கும் சமம். நானும் அண்ணனும் முழுநேரம், மாதம் 80,000 ரூபாய் எடுக்கிறோம். மச்சான் வேலைக்கு வருவதில்லை.

பேசாதது: நட்டம் வந்தால் எப்படி. ஒருவர் விலகினால் எப்படி. யாருக்காவது ஏதும் நேர்ந்தால் எப்படி. மெசின் கடைசியில் யாருடையது."

பேப்பர்களை மறுபடி ஸ்கேன் செய்து, ஆவணம் 1, 2 என்று மூலையில் எழுதி, ஒரே பிடிஎஃப் ஆக்கினேன். நாற்பது படத்தில் தேவையானவை ஐந்து ஆவணம்தான், ஒன்பது பக்கம். மின்சார பில், கடதாசிக் கடை பில் எல்லாம் வெளியே போயின. ஒரிஜினல் எதையும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பார்க்க மட்டும் கொண்டுவரச் சொன்னார்.

சந்திப்பு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. பகலில் அவர் புதுக்கடை நீதிமன்றப் பக்கம் இருப்பார், ஆறு மணிக்குப் பிறகுதான் வீட்டு அலுவலகத்தில் ஆட்களைப் பார்ப்பார். மூவரும் போனோம். என் பக்கத்தை அச்சிட்டு மேசையில் வைத்திருந்தார், நான்கைந்து இடத்தில் பென்சில் கோடு. உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி பங்கைப் பற்றியதே அல்ல.

"இதில் யாருக்காக நான் எழுதுகிறேன்?"

"மூன்று பேருக்கும்தான் மெடம்" என்றேன்.

"மூன்று பேரும் ஒத்துப்போகும் இடத்தில் எழுதலாம். ஒருவருக்கு லாபமும் மற்றவருக்கு நட்டமும் வருகிற இடத்தில் நான் யார் பக்கம் நிற்பது? உங்கட கேஸில் அப்படி ஒரு இடம் இருக்கு. மச்சான்ட காசு." அப்புறம் மச்சானைப் பார்த்து, "நீங்கள் கையெழுத்து வைக்க முதல் இந்த வரைவை உங்களுக்குத் தெரிந்த வேறொரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்" என்றார். மச்சானின் முகம் மாறிவிட்டது. குடும்பத்துக்குள்ளே எதற்கு இரண்டு சட்டத்தரணி என்று திரும்பி வரும்போது வாகனத்தில் கத்தினார். ஆனால் காட்டினார். அந்தச் சட்டத்தரணி இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னார், இரண்டும் நியாயமானவை.

கடனா, முதலா என்பதை மெடம் விளக்கிய விதம் எனக்கு மறக்காது. பென்சிலால் ஒரு கணக்குப் போட்டார். நாளைக்குக் கடையை மூடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் விற்றதில் 30 லட்சம் வருகிறது. கடதாசிக்காரருக்கும் மைக்காரருக்கும் கொடுக்க வேண்டியது 10 லட்சம். வெளியாரின் கடன்தான் முதலில் போகும். மிச்சம் 20.

மச்சானின் 25 லட்சம் முதல் என்றால்: மூவரின் முதலும் சேர்ந்து 50 லட்சம். மச்சான் 25, அண்ணனின் மெசின் கணக்கில் 15, நான் 10. கையில் இருப்பது 20, எனவே நட்டம் 30. எங்களுடைய பேச்சில் லாபம் சமம். நட்டத்தைப் பற்றி வேறு பேச்சு இல்லாவிட்டால் அதுவும் லாபம் பிரிக்கிற விகிதத்தில்தான் பிரியும். ஆளுக்கு 10 லட்சம். மச்சானுக்கு 15 லட்சம் திரும்பி வரும், அண்ணனுக்கு 5, எனக்கு ஒன்றுமில்லை.

அதே 25 லட்சம் கடன், மச்சான் பங்காளரே இல்லை என்றால்: மிச்சமிருந்த 20 லட்சமும் அவருக்கே போகும், அதற்கு மேலும் 5 லட்சம் நாங்கள் தர வேண்டும். நட்டம் அதே 30 லட்சம்தான், ஆனால் அதைச் சுமப்பது நானும் அண்ணனும் மட்டும், ஆளுக்கு 15. என்னுடைய 10 போய், இன்னும் 5 லட்சம் என் பையிலிருந்து போகும். மச்சானுக்கு 25 லட்சமும் முழுதாகக் கிடைக்கும்.

ஒரே காசு, ஒரே கடை, ஒரே நட்டம். `Loan for press` என்று போனில் தட்டிய அந்த மூன்று சொல்லின் விலை மச்சானுக்கு 10 லட்சம், எனக்கு 5 லட்சம். நாங்கள் மூவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மச்சான் முதலில் சுதாரித்தார். "அப்ப கடன் என்டே எழுதுங்கோ மெடம், லாபத்தில மூன்றில ஒரு பங்கும் தரட்டும்." மெடம் சிரித்தார். அப்படியும் செய்யலாம், ஆனால் லாபத்தில் பங்கு வாங்குகிறவரை வெளியார் பங்காளர் என்றுதான் முதலில் நினைப்பார்கள், சட்டமும் அதை ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்ளும், கடன் கொடுத்தவர் மட்டும்தான் என்று காட்ட அதற்கென்று எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும், கடை முறிந்தால் அப்படிக் கடன் கொடுத்தவர் மற்றக் கடன்காரர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டி வரும் என்றார். வட்டிக்குக் கடன் கொடுங்கள், அல்லது பங்காளராகி லாப நட்டத்தில் நில்லுங்கள், இரண்டு தோணியிலும் கால் வைக்க வேண்டாம் என்பதுதான் சாரம். கடைசியில் 20 லட்சம் முதல், 5 லட்சம் முற்பணம் மட்டும் அவர் கடைக்குத் தந்த கடன், இடத்தை விட்டு அந்த முற்பணம் திரும்பி வந்தால் அவருக்கே என்று முடிவானது. அந்த முடிவுக்கு வர அந்த அறையில் அல்ல, எங்கள் வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். காசு மட்டும் போட்டு வேலைக்கு வராதவர் போட்ட காசோடு தப்பிவிடுவார் என்று மச்சான் மட்டுமல்ல, நானும் நினைத்திருந்தேன். அது கம்பனிக்குத்தான் பொருந்தும். பங்குடைமையில் கடையின் கடனுக்குப் பங்காளர் தன் சொந்தச் சொத்தாலும் பொறுப்பு. புறக்கோட்டைக் கடையும் அதில் அடங்கும். அப்படியென்றால் 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பிரைவேட் லிமிட்டெட் ஆக்கலாமா என்று மெடமே கேட்டார். வருடா வருடம் தாக்கல் செய்ய வேண்டிய பத்திரங்கள், கணக்காய்வுச் செலவு என்று பார்த்து, இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டோம். மச்சான் இன்னும் அதைப் பற்றி அவ்வப்போது கேட்கிறார். அவர் கேட்பதும் சரிதான்.

நாங்கள் எழுதாமல் விட்டதை யார் நிரப்புவது என்பது அடுத்த விஷயம். இலங்கையில் பங்குடைமைக்கென்று நாமே இயற்றிய தனிச் சட்டம் கிடையாது. 1852ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச்சட்டம், பங்குடைமை விஷயங்களில் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றச் சொல்கிறது. எனவே 1890ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டம்தான் கொட்டாஞ்சேனையில் கேக் பெட்டி அடிக்கிற எங்களுக்கும். பங்காளர்கள் வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாவிட்டால் லாபமும் நட்டமும் சமம், வேலை செய்கிற பங்காளருக்குச் சம்பளம் கிடையாது, தன் முதலுக்கு மேல் கடைக்குக் கடனாகக் கொடுத்த காசுக்கு 5 வீத வட்டி, காலம் குறிக்காத பங்குடைமையை எந்தப் பங்காளரும் அறிவித்தல் கொடுத்து முடித்துவிடலாம், ஒருவர் இறந்தால் பங்குடைமையே கலைந்துவிடும். "சம்பளம் கிடையாது" என்ற இடத்தில் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாதம் 80,000 எடுக்கிறோமே, அது என்ன? நாளைக்கு மச்சானோடு பிரச்சினை என்றால் அது சம்பளமா, லாபத்தில் முன்கூட்டி எடுத்ததா என்று சண்டை பிடிக்கலாம். ஒன்றரை வருடமாக எல்லாரும் அறிந்து நடந்த வழக்கம் என்று வாதிடலாம்தான், ஆனால் வாதிட வேண்டியிருக்கும். அதை ஒரே வசனத்தில் எழுதி முடித்தார்கள்: லாபம் கணக்கிடுவதற்கு முன் இருவருக்கும் மாதச் சம்பளம், தொகையை மூவரும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் மாற்றலாம்.

எழுதாத பங்குடைமைக்கு இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி, மூலதனம் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பங்குடைமையை ஏற்படுத்தும் உடன்படிக்கை எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஆயிரம் ரூபாய் இன்றைக்கு ஒரு சாப்பாட்டுக்கே காணாது, ஆகவே ஏறக்குறைய எல்லாக் கூட்டு வியாபாரமும் இதற்குள் வரும். ஆனால் அந்தச் சட்டமே வெளியாருக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. கடதாசிக்காரர் எங்கள் மூவர் மீதும் வழக்குப் போட்டு, இவர்கள் பங்காளர்களாகத்தான் நடந்துகொண்டார்கள் என்று சூழ்நிலைகளால் நிரூபிக்கலாம். அதாவது கடன்காரருக்கு நாங்கள் பங்காளர்கள், எங்களுக்குள் சண்டை வந்தால் பங்காளர் என்று நிறுவுவதே பெரும்பாடு. இதைக் கேட்டபிறகு, ஒன்றரை வருடம் எப்படித் தூங்கினோம் என்று இருந்தது.

இனி மெசின். அண்ணன் எங்களிடம் சொன்னது, "தம்பி, மெசின் என்ட முதல், 35 லட்சம் போகும்." பொய் சொல்லவில்லை. சந்தையில் விலை கேட்டால் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் ஆவணம் 5ஐ ஒழுங்காக வாசித்தபோது, மெசினின் சொந்தக்காரர் லீசிங் கம்பனி. தவணை முடிந்து பெயர் மாற்றும் வரைக்கும் அண்ணன் அதைப் பாவிக்கிறவர் மட்டும். அவர்களின் எழுத்து மூலமான சம்மதமில்லாமல் அதை இன்னொருவருக்குக் கொடுக்கவோ, இடம் மாற்றவோ கூடாது என்று ஒரு வாசகமும் இருந்தது. இடத்தை நாங்கள் ஏற்கனவே மாற்றிவிட்டோம்! மிச்சமிருந்த 18 தவணை, ஒன்று 110,000 ரூபாய், மொத்தம் 1,980,000. 35 லட்சத்தில் அதைக் கழித்தால் அண்ணனின் பங்கு சுமார் 15 லட்சம். மெடம் பென்சிலால் போட்ட கணக்கில் 15 என்று வந்தது இப்படித்தான்.

இல்லாத சொத்தை முதலாக எழுதினால் அந்த ஒப்பந்தம் பிறகு எதற்கு உதவும்? ஆகவே மெசின் இப்போதைக்குக் கடையின் சொத்து என்று எழுதப்படவில்லை. மிச்சத் தவணையைக் கடை கட்டும், அண்ணனின் முதல் 15 லட்சமாகக் கணக்கில் ஏறும், தவணை முடிந்து அண்ணன் பெயருக்கு வந்ததும் அவர் அதைக் கடைக்கு மாற்றிக் கொடுப்பார், அதற்கிடையில் கடை கலைந்தால் கடை கட்டிய தவணைகளுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். கையெழுத்துக்கு முதல் லீசிங் கம்பனிக்கு அண்ணன் கடிதம் போட வேண்டும் என்றும் சொன்னார்கள். கடிதம் போட அண்ணனுக்குப் பயம், மெசினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று. தவணை தவறாமல் கட்டுகிறவரின் மெசினை அவ்வளவு லேசில் தூக்க மாட்டார்கள் என்று மெடம் சொன்ன பிறகும் அவர் அதை அனுப்ப ஒரு மாதம் எடுத்தார்.

இடத்து ஒப்பந்தத்தில் அவர் அதிக நேரம் செலவிடவில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்பாக இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும், அதே 1840ஆம் ஆண்டுச் சட்டம். முத்திரை ஒட்டிச் சாட்சி வைத்திருந்தாலும் எங்கள் இரண்டு வருட ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு நிற்காது. உரிமையாளரோடு கதைத்து, கடைப் பெயரில் நொத்தாரிசு எழுத்து எடுங்கள் என்றார், அவ்வளவுதான்.

கடைசிப் பென்சில் கோடு "யாருக்காவது ஏதும் நேர்ந்தால்" என்ற வரியில். அண்ணனுக்கு 58 வயது, சீனி வருத்தம் வேறு. மூன்று பேரில் யாரும் அதை எடுக்கத் தயாரில்லை. அண்ணனே எடுத்தார். "நான் போனால் மகன் வந்து மெசினைத் திருப்பிக் கேட்பான். அவனுக்கு இந்தத் தொழில் தெரியாது, விற்றுப் போடுவான். அப்ப தம்பி என்ன செய்வார்?" அவர் கேட்டதற்குத்தான் ஒப்பந்தத்தின் மிக நீளமான வாசகம் எழுதப்பட்டது. ஒருவர் இறந்தால் மற்ற இருவரும் தொடரலாம். இறந்த நாளோடு கணக்கை முடித்து, அவர் பங்கின் பெறுமதியை வெளிக் கணக்காளர் ஒருவர் நிர்ணயிப்பார். அதை வாரிசுகளுக்கு 24 மாதத்தில் சம தவணையாகக் கொடுக்க வேண்டும். 24 என்ற எண் எப்படி வந்தது என்றால், முதலில் மச்சான் 12 என்றார், நான் 36 என்றேன். கடை ஒரு மாதத்தில் எவ்வளவு சுமக்கும் என்று அண்ணன் விரல் மடித்துக் கணக்குப் பார்த்து இரண்டுக்கும் நடுவில் வைத்தார். தான் போன பிறகு தன் பிள்ளைக்குக் கொடுக்கப்போகும் தவணையை அவரே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு என்னவோ செய்தது.

முழுச் சந்திப்பும் 50 நிமிடம். அந்த ஒரு பக்கம் இல்லாவிட்டால் இந்த 50 நிமிடமும், யார் எப்போது எவ்வளவு கொடுத்தார் என்று அவர் கேட்கவும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவுமே போயிருக்கும். கட்டணத்தையும் நான் முதல் செய்தியில் கேட்ட மாதிரி ஒட்டுமொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. ஆலோசனைக்கு எவ்வளவு, வரைவுக்கு எவ்வளவு, எத்தனை திருத்தம் அதற்குள் அடங்கும், நொத்தாரிசு எழுத்துகள் தனியா என்று பிரித்துக் கேட்டபோதுதான் அவரும் பிரித்துச் சொன்னார். எங்களுக்கு வரைவில் மூன்று சுற்றுத் திருத்தம் போனது, இரண்டு அடங்கியது, மூன்றாவதற்குத் தனியாகக் கட்டினோம். அந்த மூன்றாவது சுற்று முழுக்க முழுக்க என் பிழை. சம்பளத் தொகையை மச்சானிடம் கேட்காமலே 100,000 என்று திருத்தி அனுப்பியிருந்தேன்.

மொழியையும் சந்திப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது. வங்கிக்காகவும் பின்னாளில் வழக்கு என்று வந்தாலும் என்பதற்காகவும் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அண்ணனுக்கு ஆங்கிலம் ஓடாது. வாசகம் வாசகமாக அவருக்குத் தமிழில் விளங்கப்படுத்திய பிறகே கையெழுத்து வாங்கினார்கள், அப்படி விளங்கப்படுத்தியதாக ஒரு வரியும் கையெழுத்துக்கு மேல் இருக்கிறது. தமிழ்ப் பிரதி ஒன்றை அவர் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருக்கிறார்.

கையெழுத்து செப்டம்பரில் நடந்தது. பழைய பெயர்ப் பதிவை முடித்து மூவர் பெயரிலும் புதிதாகப் பதியப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். மூவரின் அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகரின் அறிக்கை, இடத்துக்கான பேப்பர் கேட்டார்கள். இந்த முறை எல்லாம் மூலையில் இலக்கமிட்டு ஒரே பைலில் இருந்தது. கடைப் பெயரில் புதுக் கணக்குத் திறந்த அன்று, ஒப்பந்தத்தோடு தொகை சரியாக நிற்க வேண்டும் என்று மச்சானின் 20 லட்சத்தை என் பழைய கணக்கிலிருந்து அவருக்கு அனுப்பி, அவர் அதைப் புதுக் கணக்குக்குத் திருப்பி அனுப்பினார். குறிப்பு இருக்கும் இடத்தில் என்ன தட்டுவது என்று கேட்டுப் போன் எடுத்தார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்: `Capital`.

லீசிங் கம்பனியின் பதில் மட்டும் இன்னும் வரவில்லை. இடம் மாறியதைப் பதிந்துகொண்டதாகப் போனில் சொன்னார்கள், கடிதம் வரும் என்றார்கள். அண்ணன் ஒவ்வொரு மாதமும் தவணைச் சீட்டைக் கொண்டுவந்து பைலில் போடுகிறார். கடைசியாகப் பார்த்தபோது மிச்சம் 13.